லண்டனில் வாங்குகிறவரின் கம்பனி எவ்வளவு பெரியது? ஆள் எண்ணிக்கை, புரள்வு எல்லை, கணக்கு வகை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதிப் பக்கம் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, கருவாடு என்று ஏதோ ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்புகிறவர்கள். எல்லாரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: "அங்க வாங்கிற ஆள் கடனுக்குக் கேக்கிறார், அவற்றை கம்பனி தாங்குமோ?" அதற்கு நான் சொல்லும் பதில்கள் இவை. எல்லாத் தொகையும் பிரித்தானியப் பவுண். இங்கே பவுண் என்றால் நகைக்கடைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

எங்க போய்ப் பாக்கிறது? காசு கட்ட வேணுமோ?

கட்ட வேண்டாம். இங்கிலாந்தில் பதிந்த ஒவ்வொரு கம்பனியின் ஆவணங்களையும் அந்த நாட்டு அரச கம்பனிப் பதிவேடான Companies House தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், கம்பனி இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். ஒரே குடும்பம் ஏறக்குறைய ஒரே பெயரில் மூன்று கம்பனி வைத்திருப்பது அங்கே சர்வசாதாரணம். ஒன்று கடை, ஒன்று களஞ்சியம், இன்னொன்று எப்போதோ மூடியது. உங்களுக்கு ஓடர் அனுப்புவது எது என்பதுதான் கேள்வி. கடிதத்தலைப்பிலும் ஓடர் படிவத்திலும் இணையத்தளத்திலும் பதிவுப் பெயரையும் இலக்கத்தையும் போட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம், அதனால் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இலக்கத்தைத் திறந்ததும் "Filing history" என்ற பகுதிக்குப் போங்கள், கணக்குகள் அங்கேதான் வரிசையாக இருக்கும்.

அதில "Micro company accounts", "Total exemption full accounts" எண்டெல்லாம் இருக்கு. அது என்ன அளவு?

அங்கே கம்பனிகளை மைக்ரோ, சிறியது, நடுத்தரம், பெரியது என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். பார்ப்பது மூன்று விஷயம்: ஆண்டுப் புரள்வு, அதாவது மொத்த விற்பனை, ஐந்தொகையில் உள்ள மொத்தச் சொத்து, சராசரி ஆள் எண்ணிக்கை. மூன்றில் இரண்டு எல்லைக்குள் இருந்தால் போதும்.

2025 ஏப்ரல் 6க்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு மைக்ரோ என்றால் புரள்வு 632,000, சொத்து 316,000, ஆட்கள் 10. சிறியது என்றால் 10.2 மில்லியன், 5.1 மில்லியன், 50 ஆட்கள். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கும் ஆண்டுகளுக்குப் பண எல்லைகளை மட்டும் உயர்த்திவிட்டார்கள்: மைக்ரோவுக்கு 1 மில்லியனும் 500,000-உம், சிறியதற்கு 15 மில்லியனும் 7.5 மில்லியனும். ஆள் எண்ணிக்கை பழையபடியே.

"Total exemption full accounts" என்ற தலைப்பைப் பார்த்து முழுக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அது கணக்காய்வு தேவையில்லாத சிறிய கம்பனியின் கணக்கு. உண்மையிலேயே முழுக் கணக்கு என்றால் வெறும் "Full accounts" என்று வரும், அதில் புரள்வும் இருக்கும். நம் ஆட்கள் விற்கும் இடங்களில் அது அருமையாகத்தான் கண்ணில் படும்.

அப்ப "சிறியது" எண்டு போட்டவன் மைக்ரோவை விடப் பெரிய ஆள்தானே?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வகை என்பது மேல் எல்லையை மட்டும் காட்டும், கீழ் எல்லையைக் காட்டாது. மைக்ரோ கணக்கு போடத் தகுதி இருந்தும் சிறிய கம்பனிக் கணக்காகப் போடலாம், சட்டம் தடுக்காது. வங்கி கேட்டிருக்கலாம், கணக்காளருக்கு அந்த மென்பொருள்தான் பழக்கமாக இருக்கலாம். ஆக "சிறியது" என்றால் இரண்டு பேர் நடத்தும் பலசரக்குக் கடையாகவும் இருக்கலாம், ஒன்பது மில்லியனுக்கு விற்கும் மொத்த வியாபாரியாகவும் இருக்கலாம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் உங்களுக்குத் தெரிய வருவது ஒன்றுமில்லை.

ஆட்கள் 7 எண்டு கிடக்கு. ஏழு பேர் வேலை செய்யினம் எண்டுதானே அர்த்தம்?

அப்படியே எடுக்க முடியாது. அது ஆண்டின் சராசரி. ஒவ்வொரு மாதமும் வேலை ஒப்பந்தத்தில் இருந்தவர்களை எண்ணி, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுப்பார்கள். ஒன்பது மாதம் ஐந்து பேர், தீபாவளியும் நத்தாரும் வரும் மூன்று மாதம் பதின்மூன்று பேர் என்றாலும் 45 + 39 = 84, பன்னிரண்டால் வகுத்தால் 7. ஆண்டு முழுக்க ஏழே பேர் என்றாலும் 7.

அப்புறம், கிழமைக்கு எட்டு மணித்தியாலம் வருகிற மாணவனும் ஒரு ஆள், ஐம்பது மணித்தியாலம் நிற்கிறவரும் ஒரு ஆள். முகவர் மூலம் கூலிக்கு வந்தவர்களும் சொந்தமாகப் பதிந்து வேலை செய்யும் வான் சாரதிகளும் இந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். பணிப்பாளர்களுக்கும் வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் எண்ண வேண்டும், ஆனால் சிலர் எண்ணுகிறார்கள், சிலர் விடுகிறார்கள். கணவனும் மனைவியும் இரவு பகலாக உழைக்கும் கம்பனியில் "0" என்று கண்டிருக்கிறேன்.

எண்ணிக்கை தனியாக நின்று பேசாது, முன்னைய ஆண்டு எண்ணிக்கையோடு பார்த்தால்தான் பேசும். பக்கத்திலேயே போன வருடத்து எண்ணும் இருக்கும். 6இலிருந்து 7 என்றால் அமைதி. 14இலிருந்து 7 என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆனா லிங்க்ட்இன்ல "51-200 employees" எண்டு போட்டிருக்கினமே?

அந்தப் பட்டியில் எந்த வரிசை வேண்டும் என்று கம்பனியே தெரிவு செய்கிறது, யாரும் சரிபார்ப்பதில்லை. ஒருமுறை ஒருவர் 51-200 என்று இருந்ததை நம்பிப் பெரிய வாங்குநர் பிடித்துவிட்டதாகச் சந்தோஷமாக வந்தார். பதிவேட்டில் பார்த்தால் சராசரி 3. பொய் என்றும் சொல்ல முடியவில்லை, கேட்டதற்கு "எங்கட சரக்கு போற கடைக்காரரையும் சேர்த்துத்தான்" என்றார்களாம். இரண்டும் முரண்பட்டால் பதிவேட்டை எடுங்கள். அதில் பணிப்பாளர் தன் பெயரில் பொறுப்பேற்றிருக்கிறார்.

விற்பனை எவ்வளவு எண்டு எங்கயும் இல்லையே. அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சிறிய கம்பனிகள் இலாப நட்டக் கணக்கைப் பதிவேட்டுக்குக் கொடுக்காமல் விடலாம், அநேகமாக எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது ஐந்தொகையும் குறிப்புகளும். அதிலிருந்து நாலு பக்கத்தால் நெருங்கி வர வேண்டும். எங்களிடம் வந்த வகையான ஒரு கணக்கை, ஆளை அடையாளம் தெரியாதபடி எண்களை மாற்றித் தருகிறேன். மொத்த உணவு வியாபாரி, 2025 மார்ச் 31இல் முடிந்த ஆண்டு, "Total exemption full accounts".

நிலையான சொத்து 48,000. சரக்கிருப்பு 186,000. வியாபாரக் கடன்பட்டோர் 142,000. மற்றக் கடன்பட்டோர் 9,000. காசு 31,000. கூட்டினால் 416,000. எல்லையோடு ஒப்பிட வேண்டிய மொத்தச் சொத்து இதுதான், கடனைக் கழிக்க முன் உள்ள தொகை. கீழே "Total assets less current liabilities" என்று ஒரு வரி வரும், அது கழித்த பிறகு உள்ளது. தொடக்கத்தில் நானே அந்த வரியை எடுத்து ஒரு கம்பனியைப் பாதி அளவாகச் சொல்லிவிட்டேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கொடுக்க வேண்டிய பக்கம்: வியாபாரக் கடன் கொடுத்தோர் 171,000, கம்பனி வரி 7,600, வங்கிக் கடனும் பணிப்பாளர் போட்ட காசும் மற்றவையுமாக 110,500. மிச்சம் 126,900 சொந்த மூலதனம். ஆட்கள் 7, முன்னைய ஆண்டு 6.

முதலில் கடன்பட்டோரால் வருவோம். இவருடைய கடைக்காரர்கள் எத்தனை நாளில் காசு கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் விற்பனை வந்துவிடும். 45 நாள் என்று எடுத்தால் 142,000 × 365 ÷ 45, அதாவது ஏறக்குறைய 1.15 மில்லியன். 30 நாள் என்றால் 1.73 மில்லியன், 60 நாள் என்றால் 864,000. கடன்பட்டோர் தொகைக்குள் வற் வரியும் கலந்திருக்கும், அதனால் மற்ற வியாபாரங்களில் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான உணவுப் பொருளுக்கு வற் பூச்சிய வீதம் என்பதால் இந்த இடத்தில் விட்டுவிடலாம். கைக்காசு விற்பனை கடன்பட்டோரில் தெரியாது, ஆகவே வரும் எண் குறைந்த பக்கமாகத்தான் இருக்கும்.

அடுத்தது சரக்கிருப்பு. கப்பலில் வரும் சரக்கு என்றால் களஞ்சியத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கானது கிடக்கும். 75 நாள் என்றால் 186,000 × 365 ÷ 75, கொள்விலையில் ஏறக்குறைய 905,000. மொத்த இலாபம் விற்பனையில் 20 வீதம் என்று வைத்தால் (என் ஊகம், வியாபாரத்துக்கு வியாபாரம் மாறும்) விற்பனை 1.13 மில்லியன். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருகிறது, நல்லது. ஆனால் அதோடு திருப்திப்பட்டு எழும்பக் கூடாது, ஏனென்றால் இரண்டிலும் நாட்களை நான்தான் தெரிந்தேன், மனிதன் தனக்கு வேண்டிய பதிலுக்கு ஏற்றபடிதான் நாளைத் தெரிவான்.

அதனால் மூன்றாவது, வரி. அங்கே 50,000 வரையான இலாபத்துக்குக் கம்பனி வரி 19 வீதம். வரியைக் கட்ட வேண்டியது ஆண்டு முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் ஆன பிறகு, எனவே ஆண்டு முடிவில் அந்த ஆண்டு வரி முழுவதும் கடனாகவே நிற்கும். 7,600 ÷ 0.19 = 40,000. அதுதான் வரிக்கு உட்பட்ட இலாபம், புத்தக இலாபத்திலிருந்து கொஞ்சம் விலகலாம். வரி போக 32,400. சொந்த மூலதனத்தில் பங்குக் காசு 100 போக, சேர்ந்த இலாபம் போன வருடம் 118,400, இந்த வருடம் 126,800, கூடியது 8,400 மட்டும். மீதி 24,000 பங்கிலாபமாகக் குடும்பத்துக்குப் போயிருக்கிறது. ஒரு பக்கம்கூட வெளியிடாத இலாப நட்டக் கணக்கின் அடிவரி இப்படி வெளியே வந்துவிடுகிறது, எனக்கு இந்த வேலையில் பிடித்த இடமே இதுதான். எல்லாருடைய கணக்கிலும் நடக்காது. பலர் கம்பனி வரியை வற்றோடும் சம்பள வரியோடும் சேர்த்து ஒரே வரியில் போட்டுவிடுவார்கள், அப்போது இந்தக் கதவு பூட்டு.

நாலாவது ஆட்கள். 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை அங்கே 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குச் சட்டப்படி மிகக் குறைந்த கூலி மணிக்கு 11.44. கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 23,800. ஏழு பேரும் முழுநேரம் என்றால் 166,600. இப்போது 1.15 மில்லியன் விற்பனையைச் சோதிப்போம்: 20 வீதம் 230,000, அதில் 40,000 இலாபம் போக எல்லாச் செலவுக்கும் 190,000. கூலி போக 23,400 தான் மிச்சம். அதற்குள் லண்டனில் களஞ்சிய வாடகை, வான், மின்சாரம், வட்டி? நடக்காது. 1.4 மில்லியன் என்றால் 280,000, இலாபம் போக 240,000, கூலி போக 73,400. இது நம்பும்படி இருக்கிறது.

ஆகவே ஒன்றில் ஏழில் சிலர் பகுதிநேரம், இல்லையென்றால் விற்பனை 1.15ஐ விட அதிகம். நான் 1.1இலிருந்து 1.5 மில்லியன் என்று எழுதி வைப்பேன். ஒரே எண்ணாகச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், சொல்வதில்லை.

மைக்ரோ கணக்கு போட்டவருக்கும் இதெல்லாம் செய்யலாமோ?

பெரும்பாலும் முடியாது. மைக்ரோ ஐந்தொகையில் நடைமுறைச் சொத்து என்று ஒரே தொகைதான். சரக்கு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, காசு எவ்வளவு என்று பிரித்திருக்காது. மூலதனம் எப்படி மாறியது, ஆட்கள் எத்தனை என்பவை மட்டும் பார்க்கலாம். மைக்ரோக்காரரிடம் நேரடியாக முழுக் கணக்கைக் கேளுங்கள், உள்ளே ஒரு முழுப் பிரதி கட்டாயம் இருக்கும், பங்குதாரர்களுக்கென்று.

போன வருசம் சிறியது, இந்த வருசம் மைக்ரோ. கம்பனி விழுந்திட்டுதோ?

2025 ஏப்ரல் 6இலோ அதற்குப் பிறகோ தொடங்கிய ஆண்டு என்றால் அவசரப்பட வேண்டாம். மேலே பார்த்த அதே கம்பனியை எடுங்கள். பழைய எல்லையில் சொத்து 416,000 என்பது 316,000ஐத் தாண்டியது, விற்பனையும் 632,000ஐத் தாண்டியது, எனவே மைக்ரோ இல்லை. புதிய எல்லையில் சொத்து 500,000க்குள், ஆட்கள் 10க்குள். இரண்டு சரி, விற்பனை 1 மில்லியனுக்கு மேலே இருந்தாலும் மைக்ரோ. ஒரு மூட்டைகூட வியாபாரம் குறையாமல் வகை மட்டும் இறங்கும்.

சாதாரணமாக வகை மாற இரண்டு ஆண்டு தொடர்ந்து எல்லைக்குள் (அல்லது வெளியே) இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு மட்டும், முன்னைய ஆண்டுகளிலும் புதிய எல்லையே இருந்தது போலப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள், அதனால் முதல் ஆண்டிலேயே இறங்கிவிடலாம். உங்களுக்கு நட்டம் என்னவென்றால் அந்த ஆண்டிலிருந்து சரக்கு, கடன்பட்டோர் விவரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பழைய கணக்கை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 1.1 - 1.5 மில்லியன். அதை வைச்சு 38,000க்கு ஒரு கொண்டெய்னர் கடனுக்குக் குடுக்கலாமோ?

விற்பனை அளவு மட்டும் பதில் சொல்லாது. 1.2 மில்லியன் விற்பனை என்றால் கொள்வனவு மாதம் ஏறக்குறைய 80,000, உங்கள் கொண்டெய்னர் அதில் பாதிக்குக் கிட்ட. ஏற்கெனவே 171,000 மற்றவர்களுக்குக் கொடுக்க இருக்கிறது, கையில் காசு 31,000. உங்களுடையது சேர்ந்தால் வியாபாரக் கடன் 22 வீதம் கூடும். ஆள் மோசம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை, இலாபம் இருக்கிறது, மூலதனம் கூடியிருக்கிறது. ஆனால் சரக்கு ஓடாவிட்டால் முதலில் பிந்துவது தூரத்தில் இருக்கிறவரின் காசுதான், பக்கத்து வீதிக்காரர் கடை வாசலில் வந்து நிற்பார். கொடிகாமத்திலிருந்து மிளகாய்த்தூள் அனுப்புகிற ஒருவருக்கு இதே கணக்கில் பாதி முற்பணம், மீதி கப்பல் ஆவணத்தைக் கொடுக்கும்போது என்று சொன்னேன். அரைக் கொண்டெய்னரில் தொடங்குவது இன்னும் நல்லது.

கணக்கு பழசாக் கிடக்கே?

பழசாகத்தான் இருக்கும். ஆண்டு முடிந்து ஒன்பது மாதம் அவகாசம், புதிய கம்பனியின் முதல் கணக்குக்குப் பதிந்த நாளிலிருந்து 21 மாதம். ஒன்றரை வருடத்துக்கு முந்திய படத்தைத்தான் பல வேளை பார்க்கிறீர்கள். பிந்தினால் அபராதம் 150இல் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் போனால் 1,500, தொடர்ந்து இரண்டாம் வருடமும் பிந்தினால் இரட்டிப்பு. அந்தக் காசு பெரிசில்லை. ஆனால் மூன்று வருடமாக நேரத்துக்குப் போட்டவர் இந்த முறை பிந்தினால், அது வகையையும் ஆள் எண்ணிக்கையையும் விட எனக்குப் பெரிய செய்தி.

"Accounts for a dormant company" என்று இருந்தால் அந்த ஆண்டில் கம்பனி வியாபாரமே செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் அதே இலக்கத்தில் உங்களிடம் சரக்கு வாங்கியிருந்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

இஞ்ச உள்ள கம்பனியளையும் இப்பிடிப் பாக்கலாமோ?

இந்த அளவுக்கு முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் தனியார் கம்பனி ஆண்டுதோறும் கொடுக்கும் அறிக்கையில் பணிப்பாளர், பங்குதாரர் விவரம் கிடைக்கும், புரள்வு கிடைக்காது. சிறு, நடுத்தரத் தொழில் முயற்சிகளுக்கான 2016 தேசியக் கொள்கையில் எல்லைகள் உண்டு: புரள்வு 15 மில்லியன் ரூபாய் வரை, ஆட்கள் 10 வரை மைக்ரோ, 250 மில்லியனும் 50 ஆட்களும் வரை சிறியது. அது கடன் திட்டத்துக்கும் சலுகைக்கும் உதவும், ஒரு குறிப்பிட்ட கம்பனி எங்கே நிற்கிறது என்று சொல்லும் பதிவேடு இல்லை.

கையில் உள்ள குறிகள் இரண்டு. ஒன்று வற் இலக்கம். 2024 ஜனவரியில் கட்டாயப் பதிவின் எல்லையை ஆண்டுக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனுக்குக் குறைத்தார்கள். எல்லைக்குக் கீழே உள்ளவரும் விரும்பிப் பதியலாம், எல்லையும் அடிக்கடி மாறும், ஆகவே எந்த ஆண்டில் பதிந்தார் என்று பாருங்கள். மற்றது ஊழியர் சேமலாப நிதி. தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம், மொத்தம் 20. மாதக் கொடுப்பனவுச் சீட்டைக் காட்டினால் அதை ஐந்தால் பெருக்க, நிதிக்குக் கணக்கு வைத்த சம்பளம் வரும். மாதம் 120,000 ரூபாய் கட்டுகிறவர் 600,000 சம்பளம் கொடுக்கிறார். "என்னட்ட நாற்பது பேர்" என்றால் தலைக்கு 15,000, அந்தச் சம்பளத்துக்கு நாற்பது பேர் நிற்க மாட்டார்கள். ஒன்றில் பலருக்கு நிதி ஒழுங்காகக் கட்டவில்லை, அல்லது நாற்பது பேர் இல்லை.